"அப்பத்தா நட்சத்திரம் கேக்குறாக!"

வரனோடு பேச ஆரம்பித்ததும் ஜாதகப் பேச்சை எடுப்பது எப்படி? காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் நடக்கும் கதை

காரைக்குடி:

தரகர் தோள்பை நிறைய ஜாதகத்தைச் சுமந்துகொண்டு வளவு வளவாக ஏறி இறங்கிய காலம் ஒன்று இருந்தது. முகப்பில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பையை அவிழ்த்து முதலில் எடுத்து வைப்பது மஞ்சள் தடவிய ஜாதகக் குறிப்பு. அது சேர்ந்தால்தான் பையன் கறுப்பா சிவப்பா என்ற பேச்சே வரும்.

இன்று கதை தலைகீழ். வரன் கைபேசியில் வந்து நிற்கிறது. பெண் சென்னையில், பையன் கோவையில். பெரியவர்கள் "பேசிப் பாருங்க" என்று நம்பரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். இரண்டு பேரும் சினிமா பேசுகிறார்கள், சாப்பாடு பேசுகிறார்கள், ஆபீஸ் மேனேஜரைத் திட்டுகிறார்கள். ஜாதகத்தை மட்டும் பேசுவதில்லை.

கேட்டால் பட்டிக்காடு என்று நினைத்துவிடுவாரோ என்று பெண்ணுக்குத் தயக்கம். கேட்டால் பேரம் பேசுகிறான் என்று நினைத்துவிடுவாளோ என்று பையனுக்குத் தயக்கம். இந்தத் தயக்கத்தால் கெட்டுப்போகும் கல்யாணங்கள் உண்டு.

இரண்டு மாதம் பேசினார்கள்

பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்து ஒரே கதையாகச் சொல்கிறோம். பெயர் வேண்டாம்.

பெண்ணுக்குத் தேவகோட்டை. சென்னையில் பாங்கு வேலை. பையனுக்குக் காரைக்குடி. கோவையில் கம்பெனி வேலை. இரண்டு பேரும் நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள். பெண் வீடு வைரவன்கோயில், பையன் வீடு மாத்தூர். கோயில் வேறு வேறாக இருந்ததால் முதல் தடை நீங்கியது.

இரண்டு மாதம் பேசினார்கள். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. பெண் தன் ஆத்தாவிடம் சொன்னாள். ஆத்தா அப்பச்சியிடம் சொன்னார். அப்பச்சி, "சரி, குறிப்பு வாங்குங்க" என்றார்.

குறிப்பு வந்தது. ஜோசியர் பார்த்தார். பெண்ணுக்கு ரோகிணி, பையனுக்குத் திருவோணம். விரலை மடக்கி எண்ணினார். பேனாவைக் கீழே வைத்தார்.

"ரஜ்ஜு இடிக்குது. வேண்டாம்."

அவ்வளவுதான்! அப்பச்சி குறிப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார். பெண் மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பையன் கோவையில் இருந்துகொண்டு, "ரஜ்ஜுன்னா என்னடா?" என்று சிநேகிதனைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இதே பேச்சு மூன்றாம் நாளே வந்திருந்தால்? அதைச் சொல்வதற்கு முன் இந்தப் பக்கத்துக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் கோயில்

செட்டிநாட்டில் ஜாதகத்துக்கு முன்னால் வரும் கேள்வி ஒன்று உண்டு. "எந்தக் கோயில்?"

நகரத்தாருக்கு ஒன்பது கோயில்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமங்கோயில், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள். பங்காளிக்குள் கல்யாணம் கிடையாது. இரணியூரும் பிள்ளையார்பட்டியும் கோயில் வேறானாலும் சகோதர முறை. அவர்களுக்குள்ளும் பெண் கொடுப்பது, எடுப்பது இல்லை. இளையாத்தங்குடியிலும் மாத்தூரிலும் உட்பிரிவுகள் இருப்பதால் அதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்வது முறை.

இந்தக் கேள்வியை யாரும் கூச்சப்பட்டுக்கொண்டு கேட்பதில்லை. முதல் நாளே கேட்கிறார்கள். தப்பாக நினைப்பாரும் இல்லை. கோயில் ஒன்றாக இருந்தால், "அட, நீங்க நமக்கு அண்ணன் முறை ஆகுது" என்று சிரித்துவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். மனசு ஒட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடுவதால் யாருக்கும் வலி இல்லை.

ஜாதகப் பேச்சுக்கு வழி இங்கேதான் இருக்கிறது. கோயில் பேச்சு முடிந்த கையோடு நட்சத்திரப் பேச்சை எடுத்தால் அது தனியாக உறுத்தாது. கல்யாணப் பேச்சில் அடுத்தபடியாக வருவது அதுதான் என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதைத் தாண்டி இரண்டு மாதம் போன பிறகு எடுத்தால், "இத்தனை நாள் பேசிட்டு இப்ப ஏன் கேக்குறாரு?" என்ற சந்தேகம்தான் வரும்.

கேட்கும் விதம்

ஒரே விஷயத்தை இரண்டு விதமாகக் கேட்கலாம்.

ஒன்று இப்படி: "உங்க ஜாதகம் அனுப்புங்க. பொருந்தினா மேல பேசுவோம்."

இதில் தப்பான வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனால் வாங்கிப் பார்க்கும் பெண்ணுக்கு ரேஷன் கடை வரிசையில் கார்டை நீட்டியது போல இருக்கும். பொருந்தாவிட்டால் ஆளே வேண்டாம் என்று முதல் வரியிலேயே சொல்லியாகிவிட்டது.

இன்னொன்று இப்படி: "எங்க அப்பத்தாகிட்ட உங்களைப் பத்திச் சொன்னேன். பேரு கேக்கலே, ஊரு கேக்கலே, நட்சத்திரம் என்னன்னுதான் கேக்குறாக. உங்க வீட்லயும் இப்படி யாராவது இருக்காகளா?"

இதில் கேள்வி ஜாதகத்தைப் பற்றியதே இல்லை. உங்கள் வீட்டில் இதை யார் பார்ப்பார்கள் என்பதுதான் கேள்வி. பதில் சொல்பவருக்கு மூன்று வழி திறந்திருக்கிறது. நட்சத்திரத்தைச் சொல்லலாம். வீட்டுப் பெரியவரைப் பற்றிக் கதை சொல்லலாம். "எங்க வீட்ல அதெல்லாம் இல்லீங்க" என்று சிரித்துவிட்டுப் போகலாம். எதைச் சொன்னாலும் கேட்டவருக்குத் தேவையானது கிடைத்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. அப்பத்தா நிஜமாகக் கேட்டிருந்தால்தான் அப்பத்தாவைச் சொல்ல வேண்டும். ஜாதகத்தைக் கேட்பது நீங்களே என்றால், "எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை உண்டு" என்று சொல்லிவிடுவது நல்லது. கல்யாணம் ஆகி அந்த வீட்டுக்குள் வந்தபிறகு அப்பத்தாவின் சாயம் வெளுத்துவிடும்!

பதிலில் கவனிக்க வேண்டியது

"எங்க வீட்ல பார்க்கமாட்டாங்க" என்பது ஒரு பதில். "நான் பார்க்கமாட்டேன்" என்பது வேறு பதில். இரண்டும் ஒன்று என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய.

"நான் பார்க்கமாட்டேன்" என்று பையன் சொன்னால், அவனுடைய ஐயாவோ பெரியப்பச்சியோ பார்ப்பார் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே விட்டுவிடாமல், "நீங்க பார்க்கமாட்டீங்க, சரி. வீட்ல யாரு பார்ப்பா?" என்று இன்னும் ஒரு கேள்வி போட்டுவிட வேண்டும். நாம் சொன்ன கதையில் அந்தப் பையன் முதல் வாரமே, "எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்லே" என்று சொல்லியிருந்தான். பெண் நிம்மதியாக இருந்துவிட்டாள். நம்பிக்கை தன் அப்பச்சிக்கு இருக்கிறது என்பதை அவளே மறந்துவிட்டாள்.

"பார்ப்பாங்க" என்ற பதில் வந்தால் அதற்கு அடுத்த கேள்வி: "எல்லாப் பொருத்தமும் பார்ப்பாகளா, இல்லே ஏதாவது ஒண்ணுதான் முக்கியமா?"

இது ஏன் என்றால், பத்துப் பொருத்தம் என்று சொன்னாலும் எல்லா வீட்டிலும் பத்துக்கும் ஒரே எடை இல்லை. தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை என்று பத்தையும் எண்ணுவார்கள். ஆறு சேர்ந்தால் போதும், ஏழு சேர்ந்தால் போதும் என்று சொல்லும் வீடுகள் உண்டு. ஆனால் மற்ற ஒன்பதும் சேர்ந்தும் ரஜ்ஜு ஒன்று சேராவிட்டால் கையெடுத்துக் கும்பிட்டுவிடும் வீடுகளும் உண்டு. ரஜ்ஜு என்றால் கயிறு. தாலிக் கயிற்றின் பலம் என்று அதற்கு அர்த்தம் சொல்லுவார்கள். அதனால்தான் அந்தப் பயம்.

ரஜ்ஜு என்பது என்ன?

27 நட்சத்திரங்களையும் ஓர் உடம்பாகப் பாவித்து, கால், தொடை, வயிறு, கழுத்து, தலை என்று ஐந்து கூறாகப் பிரித்திருக்கிறார்கள். பெண்ணும் பையனும் ஒரே கூறில் விழக்கூடாது. வேறு வேறு கூறாக இருந்தால் ரஜ்ஜு உண்டு. இதுதான் முழு விதி.

கழுத்துக் கூறில் ரோகிணி, திருவாதிரை, அஸ்தம், சுவாதி, திருவோணம், சதயம் ஆகிய ஆறும் இருக்கின்றன. நம் கதையில் பெண் ரோகிணி, பையன் திருவோணம். இரண்டும் கழுத்து. அதனால்தான் ஜோசியர் பேனாவைக் கீழே வைத்தார்.

தலைக் கூறில் மூன்றே நட்சத்திரங்கள். மிருகசீரிஷம், சித்திரை, அவிட்டம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதைக்குத் தேவைப்படும்.

இதில் பார்க்க வேண்டிய விஷயம் என்ன? ரஜ்ஜு பார்ப்பதற்கு ஜாதகக் கட்டமே வேண்டாம். நட்சத்திரம் இரண்டும் தெரிந்தால் போதும். தினம், கணம், யோனி, மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், வேதை எல்லாம் அப்படியேதான். ராசியையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் பத்தும் முடிந்துவிடும். ஆக, மூன்றாம் நாள் பேச்சில் இரண்டு பேரும் நட்சத்திரத்தையும் ராசியையும் மட்டும் சொல்லிக்கொண்டால், வீட்டில் பத்தில் எது இடிக்கும் என்று அன்று சாயங்காலமே தெரிந்துவிடும்.

பிறந்த தேதி, நேரம், ஊர், அப்பா அம்மா பேர் எல்லாம் உள்ள முழுக் குறிப்பை முகம் பார்க்காத ஆளுக்குக் கைபேசியில் அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. அது பத்துக் கை மாறிப் போகும். அதைப் பெரியவர்கள் பெரியவர்களிடம் கொடுத்துக்கொள்ளட்டும்.

ஒரு பெண்ணுக்கு இரண்டு நட்சத்திரமா?

இனி கதையின் பாக்கி.

பெண்ணின் சித்திக்கு மனசு கேட்கவில்லை. தன் வீட்டில் இருந்த பழைய பெட்டியைக் குடைந்தார். பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சீட்டு கிடைத்தது. பிறந்த நேரம் மதியம் 2.15. அதை வைத்து இன்னொரு ஜோசியரிடம் ஜாதகம் கணிக்கச் சொன்னார். வந்தது ஜாதகம். அதில் பெண்ணுக்கு நட்சத்திரம் மிருகசீரிஷம், முதல் பாதம்!

சித்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பெண்ணுக்கு எப்படி இரண்டு நட்சத்திரம்?

காரணம் ஜோசியர் அல்ல. பஞ்சாங்கம். தமிழ்நாட்டில் இரண்டு வகைப் பஞ்சாங்கம் புழங்குகிறது. ஒன்று வாக்கியம், மற்றது திருக்கணிதம். வாக்கியம், பழைய வாய்பாட்டு வாக்கியங்களை வைத்துக் கணிப்பது. திருக்கணிதம், இன்றைய வானக் கணக்கோடு ஒத்துப்போகும்படி திருத்திக் கணிப்பது. கோயில் விசேஷங்களுக்குப் பல இடங்களில் வாக்கியம்தான். கம்ப்யூட்டரில் எடுக்கும் ஜாதகம் பெரும்பாலும் திருக்கணிதம்.

இரண்டும் எவ்வளவு தூரம் விலகும் என்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் சனிப் பெயர்ச்சி. சனி கும்பத்துக்குப் போனது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி திருநள்ளாறில் விழா நடந்தது 2023 டிசம்பர் 20. பதினோரு மாத வித்தியாசம்!

சந்திரனுக்கு அவ்வளவு வித்தியாசம் வராது. ஆனால் ஒரு நட்சத்திரம் முடியும் நேரம் இரண்டு பஞ்சாங்கத்திலும் சில சமயம் மணிக்கணக்கில் முன்பின்னாக இருக்கும். நம் கதையில் அந்தப் பெண் பிறந்த நாளன்று ரோகிணி, வாக்கியப்படி மாலை 3.10 வரை. திருக்கணிதப்படி மதியம் 1.20 வரை. பெண் பிறந்தது நடுவில், 2.15க்கு. அதனால் ஒரு கணக்கில் ரோகிணி, இன்னொரு கணக்கில் மிருகசீரிஷம்.

பலன் என்ன? ரோகிணி கழுத்து. மிருகசீரிஷம் தலை. பையன் திருவோணம் கழுத்து. பையன் பிறந்தது நட்சத்திரத்தின் நடுப்பகுதியில். அதனால் அவனுக்கு இரண்டு பஞ்சாங்கத்திலும் அதே நட்சத்திரம்தான். ஆக, வாக்கியப்படி ரஜ்ஜு இல்லை. திருக்கணிதப்படி ரஜ்ஜு உண்டு!

ராசி மாறவில்லை. மிருகசீரிஷத்தில் முதல் இரண்டு பாதமும் ரிஷபம்தான். ரிஷபத்திலிருந்து எண்ணினால் பையனுடைய மகரம் ஒன்பதாவது ராசி. அது நல்லது என்றே வைத்திருக்கிறார்கள். ரிஷபத்துக்கு அதிபதி சுக்கிரன், மகரத்துக்குச் சனி. இரண்டும் நட்பு. ஆனால் மகேந்திரம் என்ற பொருத்தம் ரோகிணிக்கு இருந்தது, மிருகசீரிஷத்துக்கு இல்லாமல் போய்விட்டது. ஒன்று வந்தால் ஒன்று போகும்.

எது சரி?

எந்தப் பஞ்சாங்கம் சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. தலைமுறை தலைமுறையாக வாக்கியம் பார்க்கும் வீட்டில் போய், "திருக்கணிதப்படி சேருது" என்றால் எடுபடாது. அவர்களும் விடமாட்டார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு கட்சி ஜோசியர்களும் ஒத்துக்கொள்வார்கள். பெண் ஜாதகம் ஒரு பஞ்சாங்கத்திலும், பையன் ஜாதகம் வேறு பஞ்சாங்கத்திலும் இருக்க, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பொருத்தம் பார்க்கக்கூடாது. ஒரு துணியைக் கெஜத்திலும் இன்னொன்றை மீட்டரிலும் அளந்துவிட்டு, எது நீளம் என்று சண்டை போடுகிற மாதிரி ஆகிவிடும்.

எனவே பேச்சு கொஞ்சம் நிலைத்த பிறகு, "உங்க ஜாதகம் வாக்கியமா, திருக்கணிதமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவைப்பது புத்திசாலித்தனம். தெரியாது என்றால் ஜாதகத்தின் மேலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். வீட்டில் பார்த்துச் சொல்லச் சொல்லலாம்.

நட்சத்திரம் ஆரம்பிக்கும் நேரத்திலோ முடியும் நேரத்திலோ பிறந்தவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை. நடுவில் பிறந்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? ஜாதகத்தில் பாதம் போட்டிருக்கும். ஒரு நட்சத்திரம் சுமார் ஒரு நாள். அதில் நாலு பாதம். பாதம் ஒன்றுக்குச் சுமார் ஆறு மணி நேரம். இரண்டாம் பாதம், மூன்றாம் பாதம் என்றால் நட்சத்திரம் மாறும் பயம் குறைவு. முதல் பாதம் அல்லது நாலாம் பாதம் என்றால், இரண்டு பஞ்சாங்கத்திலும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

செவ்வாயை என்ன செய்வது?

நட்சத்திரத்தை வைத்துச் சொல்ல முடியாத ஒன்று செவ்வாய் தோஷம். அதற்கு ஜாதகக் கட்டம் வேண்டும்.

லக்கினத்திலிருந்து எண்ணி 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 12 வீடு. அதில் ஐந்து தோஷ வீடு. லக்கினத்தை மட்டும் வைத்துப் பார்த்தாலே பத்துப் பேரில் நாலு பேருக்குச் செவ்வாய் தோஷம் இருக்கும்! சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணும் ஜோசியரிடம் போனால் இன்னும் கூடும். பிறகு செவ்வாய் சொந்த வீட்டில் இருந்தால் விலக்கு, உச்சத்தில் இருந்தால் விலக்கு என்று ஒன்றொன்றாகக் கழிப்பார்கள்.

ஆகவே, "எனக்குச் செவ்வாய் இருக்கு" என்று சொல்லப் பயப்படும் பெண் தனியாள் இல்லை. பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் இருக்கலாம்.

இதை லேசாக எடுப்பதற்கும் வழி உண்டு. "எனக்குச் செவ்வாய் உண்டுன்னு எங்க ஜோசியர் சொல்லியிருக்காரு. உங்க வீட்ல அதைப் பெரிசா எடுத்துப்பாகளா?" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். பெண் மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்று ஊரில் பேசும் பேச்சும் இப்படித்தான். மூல நட்சத்திரப் பெண் அதை மறைத்துக்கொண்டே இரண்டு மாதம் பேசி, கடைசியில் பையனுடைய அப்பச்சி முகம் சுருங்கியதைப் பார்ப்பதைவிட, முதல் வாரமே சொல்லிவிட்டு, "பரவாயில்லைங்க, எங்க வீட்ல ஏற்கனவே ஒரு மூலம் இருக்காக" என்ற பதிலைக் கேட்பது மேல். அந்தப் பதில் வராவிட்டால் ஒரு வாரத்தோடு போயிற்று.

ஆனால் நட்சத்திரத்தை மாற்றிச் சொல்லும் வேலை மட்டும் வேண்டாம். பிறந்த தேதியும் நேரமும் தெரிந்தால் இன்று கைபேசியே ஜாதகம் போட்டுக் காட்டிவிடுகிறது. கல்யாணத்துக்குப் பிறகு குட்டு உடைந்தால், வீட்டில் யாருக்கு ஜுரம் வந்தாலும் பழி அந்தப் பெண் தலையில்தான் விழும்.

"ஜாதகம் சேரலே" என்றால்...

இன்னொரு சங்கதி. இந்தப் பக்கத்தில் "ஜாதகம் சேரலே" என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் உண்டு.

ஒன்று, நிஜமாகவே சேரவில்லை. மற்றொன்று, எங்களுக்கு இஷ்டம் இல்லை. பையனுடைய சம்பளம் போதவில்லை, பெண் உயரம் கொஞ்சம் குறைவு, வீட்டுக்கு வந்தபோது பேசிய பேச்சு பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. நாளைக்கு அதே ஆட்களை இன்னொரு கல்யாணத்தில் பந்தியில் பார்க்க வேண்டும். அதனால் பழியைக் கிரகத்தின்மேல் போட்டுவிடுகிறார்கள். இரண்டு வீட்டுக்கும் மரியாதை கெடாமல் விஷயம் முடிந்துவிடுகிறது.

எது நிஜம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நிஜமாகச் சேராதவர்கள் காரணத்தோடு சொல்வார்கள். "ரஜ்ஜு இல்லீங்க, எங்க வீட்ல அதை விடமாட்டாக" என்பார்கள். சில பேர், "வேறு ஜோசியர்கிட்டேயும் ஒரு தடவை பார்ப்போமா?" என்றும் கேட்பார்கள். இஷ்டம் இல்லாதவர்கள், "ஜாதகம் சரியா அமையலே" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். அவர்களிடம் போய், "எந்தப் பொருத்தம் இல்லே? நான் வேறே ஜோசியரைப் பார்த்தேன், எட்டு சேருதுன்னாரு" என்று வாதாடினால் சங்கடம்தான். கதவை மெதுவாகச் சாத்தியவரை, படாரென்று அறையும்படி செய்துவிடுவோம்.

முதல் வாரமே நட்சத்திரத்தைச் சொல்லிவைப்பதில் இங்கேயும் ஒரு லாபம் இருக்கிறது. பத்துப் பொருத்தமும் சேருகிறது என்று அன்றே இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தால், பின்னால் வரும் "ஜாதகம் சேரலே" எந்த வகை என்று விளக்கம் கேட்காமலே விளங்கிவிடும்.

கதை முடிந்ததா?

தேவகோட்டைப் பெண் கதை என்ன ஆயிற்று?

சித்தி இரண்டு ஜாதகத்தையும் எடுத்துக்கொண்டு பெண்ணின் அப்பச்சியிடம் போனார். அப்பச்சி வாங்கிப் பார்த்தார். ஆஸ்பத்திரி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம வீட்ல எப்பவும் வாக்கியந்தான்" என்றார்.

"அப்ப பையனோட ஜாதகம்?" என்றார் சித்தி.

"கம்ப்யூட்டர்ல எடுத்தது மாதிரி இருக்கு."

"அது திருக்கணிதம். வாக்கியத்தையும் திருக்கணிதத்தையும் சேர்த்துத்தானே அன்னிக்குப் பார்த்தீக?"

அப்பச்சி பேசவில்லை. பையனுக்கு எதில் பார்த்தாலும் திருவோணம்தான். வாக்கியத்தில் நின்றால் அவருடைய முடிவு அப்படியே நிற்கும். அது அவருக்கும் தெரியும், சித்திக்கும் தெரியும். ஆனால் தன் பெண்ணின் நட்சத்திரம் இப்படி ஒரு மயிரிழையில் நிற்கிறது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"ரெண்டு மாசம் பேசினீகளே, ஒரு வார்த்தை நட்சத்திரத்தைச் சொல்லியிருந்தா இதையெல்லாம் அப்பவே நிதானமாப் பார்த்திருக்கலாமே" என்று பெண்ணைப் பார்த்துச் சொன்னார்.

இந்த இடத்தில் கதை வீட்டுக்கு வீடு மாறும். சில அப்பச்சிகள் வாக்கியத்தோடு நின்றுவிடுவார்கள். சிலர் இரண்டு ஜாதகத்தையும் திருக்கணிதத்துக்கு மாற்றிப் பார்க்கச் சம்மதிப்பார்கள். ஆனால் இரண்டு மாதம் மனசு ஒட்டிய பிறகு எடுக்கும் முடிவு எதுவானாலும் யாராவது ஒருவர் கண் கலங்காமல் தீராது. மூன்றாம் நாள் எடுத்திருந்தால் இதே முடிவை எல்லோரும் டீ குடித்துக்கொண்டே எடுத்திருப்பார்கள்.

நகரத்தார் கல்யாணத்தில் பெண்ணின் கோயிலிலிருந்தும் பையனின் கோயிலிலிருந்தும் மாலை வரும். அந்த இரண்டு மாலையும் வந்து சேர்ந்தால் ஊரே சந்தோஷப்படும். அதற்கு ரொம்ப நாள் முன்பே, பேச ஆரம்பித்த அந்த முதல் வாரத்திலேயே, கேட்டுவைக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"ஆமா, உங்க வீட்ல ஜாதகம் யாரு பார்ப்பா?"